முட்டை என்றால் முட்டைக்கோஸுக்கும் சிவப்பு

ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையை எடுத்துக்கொள்வோம். வாராந்திர உணவுப் பட்டியல் எக்செல் தாளில் இருக்கிறது. பி நெடுவரிசையில் பதார்த்தம், சி நெடுவரிசையில் அதில் சேரும் பொருள்கள். சில மாணவர்களுக்கு நிலக்கடலை, முட்டை, பால், முந்திரி ஒத்துக்கொள்ளாது. இந்தப் பெயர்களைத் தாளின் ஓரத்தில், எச் நெடுவரிசையில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துவிட்டு, அவை தட்டுப்படும் கட்டங்கள் எல்லாம் தானாகச் சிவக்கும்படி செய்யலாம். நாளை இறால் ஒவ்வாத ஒரு மாணவர் வந்து சேர்ந்தால், எச் நெடுவரிசையில் ஒரு வரி கூட்டினால் போதும்.

பி2 முதல் சி200 வரை தேர்ந்தெடுத்துக்கொண்டு, Home பட்டியில் Conditional Formatting, அதில் New Rule, அதில் Use a formula to determine which cells to format என்று போக வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இதே இடம் Custom formula is என்ற பெயரில் இருக்கும். முதலில் எல்லோரும் எழுதிப் பார்க்கும் சூத்திரம் இது:

```
=COUNTIF($H$2:$H$30,B2)>0
```

கட்டத்தில் இருப்பது முழுக்க முழுக்கப் பட்டியலில் உள்ள சொல்லாகவே இருந்தால்தான் இது நிறம் மாற்றும். ஒரு கட்டத்துக்கு ஒரு பெயர் என்று இருக்கும் தாளுக்கு இதுவே நல்லது. நம் சி நெடுவரிசையிலோ “ரவை, முந்திரி, நெய்” என்று சேர்த்து எழுதியிருக்கும். அங்கே இது வாய் திறக்காது. உள்ளே எங்காவது அந்தச் சொல் வருகிறதா என்று துழாவ வேண்டும்:

```
=SUMPRODUCT(($H$2:$H$30<>"")*ISNUMBER(SEARCH($H$2:$H$30,B2)))>0
```

பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் SEARCH தேடுகிறது. கிடைத்தால் அது நிற்கும் இடத்தை எண்ணாகத் தருகிறது. SUMPRODUCT அப்படிக் கிடைத்தவற்றை எண்ணிக் கூட்டுகிறது. நடுவில் உள்ள <>"" என்ற துண்டு தேவையற்றது போலத் தோன்றும். அது உள்ள அடைப்புக்குறிப் பகுதியையும் அடுத்துள்ள பெருக்கல் குறியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் -- போட்டுப் பாருங்கள், தாள் முழுக்கச் சிவந்துவிடும். எச் நெடுவரிசையில் இன்னும் நிரப்பாத கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? வெற்றுச் சொல் எந்த எழுத்துக்குள்ளும் “இருப்பதாகவே” SEARCH கணக்கு வைக்கும்.

வரி எண்களுக்கு முன்னுள்ள டாலர் குறிகளை விட்டுவிட்டால் வேறு விதமாகக் கெடும். ஒவ்வொரு வரி இறங்கும்போதும் பட்டியலும் கூடவே ஒரு வரி இறங்கும். மேல் வரிகளில் நிறம் சரியாக விழுந்து, கீழே போகப் போக விடுபட்டால் காரணம் அதுதான். நிறம் எப்போதும் ஒரு வரி மேலே தள்ளி விழுகிறது என்றால், தேர்வு பி1இல் தொடங்கியிருக்கும், சூத்திரம் மட்டும் பி2 என்று சொல்லும். எச் நெடுவரிசையில் “முட்டை ” என்று கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் “முட்டை, மிளகு” என்ற கட்டம் நிறம் மாறாது; கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய பட்டியல்களில் இது அடிக்கடி வரும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் உண்மையான தலைவலி. “முட்டை” என்று எழுதியதற்கு முட்டைக்கோஸ் பொரியலும் சிவக்கிறது. “பால்” தேங்காய்ப்பாலைப் பிடிக்கிறது. தயிர், மோர், நெய், பன்னீர் எதையும் பிடிப்பதில்லை. “கடலை” என்று போட்டால் கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு எல்லாம் வந்து நிற்கும். “நிலக்கடலை” என்று துல்லியமாகப் போட்டால், இன்னொரு சமையற்காரர் எழுதிய வேர்க்கடலையும் மணிலாக்கொட்டையும் நழுவிவிடும்.

வீணாகச் சிவப்பது தொல்லைதான், ஆனால் ஆளை ஒன்றும் செய்யாது. நழுவுவதுதான் ஆபத்து. ஆகவே ஒரே பொருளின் எல்லாப் பெயர்களையும் தனித்தனி வரிகளாக எழுத வேண்டும். பாலுக்கு மட்டுமே ஐந்தாறு வரி ஆகும். முட்டைக்கோஸ் அடிக்கடி வந்து எரிச்சலூட்டினால், அந்தச் சொல்லை மட்டும் கழித்துவிட்டுத் தேடச் சொல்லலாம்:

```
=SUMPRODUCT(($H$2:$H$30<>"")*ISNUMBER(SEARCH($H$2:$H$30,SUBSTITUTE(B2,"முட்டைக்கோஸ்",""))))>0
```

முட்டைக்கோஸ் உள்ள கட்டங்களை அடியோடு விலக்குவதைவிட இது மேல். “முட்டைக்கோஸ், முட்டை” என்று இரண்டும் இருக்கும் கட்டம் அப்போதும் சிவக்கும். ‘முட்டைகோஸ்’ என்று க் இல்லாமல் எழுதுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் கட்டம் சிவந்தபடியே இருக்கட்டும்.

எழுதாததை எந்தச் சூத்திரமும் தேடாது. கடையில் வாங்கும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருக்கும். சி நெடுவரிசையில் “பெருங்காயம்” என்று மட்டும் இருந்தால், பட்டியலில் கோதுமை இருந்தும் சாம்பார்க் கட்டம் வெள்ளையாகவே நிற்கும். இந்தியாவில் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பசைப்புரதம் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா முதலியவை சேர்ந்திருந்தால் பொட்டலத்தின் மேல் Contains என்று தொடங்கி அவற்றைக் குறிப்பிட வேண்டும். பொடியும் மசாலாவும் வந்து இறங்கும்போதே அந்த வரியைப் படித்து, அப்படியே சி நெடுவரிசையில் சேர்த்து எழுதும் வேலையைக் கிடங்குப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடலாம்.