மோட்டாரின் வேகத்தை நொடிக்கு எத்தனை முறை சரிபார்ப்பது?

இரண்டு சக்கர ரோபோ ஒன்றைச் செய்து தரையில் விட்டுப் பாருங்கள். நேராகப் போகாது. ஒரே கடையில் வாங்கிய ஒரே ரக மோட்டார்கள்தான், இரண்டுக்கும் ஒரே அளவு மின்சாரம்தான்; ஆனாலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் ஒதுங்கும். பேட்டரி இறங்க இறங்க வேகம் குறையும், பாய் மேல் ஏறினால் இன்னும் குறையும். சின்ன டி.சி. மோட்டாருக்கு நம்மால் வோல்டேஜைத்தான் கொடுக்க முடியும். அந்த வோல்டேஜில் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பது உராய்வையும் சுமையையும் பொறுத்தது.

அதனால்தான் மோட்டாரின் பின்புறம் என்கோடர் வைத்து வருகிறது. அச்சில் ஒரு சிறு காந்தத் தட்டு, அதன் அருகே இரண்டு ஹால் சென்சார்கள். தட்டு சுற்றச் சுற்ற சென்சார்கள் பல்ஸ் அனுப்பும். அதை எண்ணி வேகத்தைக் கண்டுபிடித்து, வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு, குறைந்தால் மின்சாரத்தைக் கூட்டி, மிஞ்சினால் குறைத்து, மறுபடி எண்ணுவது: இந்தச் சுற்றுக்குத்தான் மூடிய வளையக் கட்டுப்பாடு என்று பெயர். இணையத்தில் இதற்கான நிரல் ஆயிரம் கிடைக்கும். பெரும்பாலானவற்றில் சொல்லாமல் விடப்படுவது ஒன்று உண்டு. இந்தச் சுற்றை நொடிக்கு எத்தனை முறை ஓட்டுவது?

அடிக்கடி பார்த்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை கியர் மோட்டாரில், மோட்டார் அச்சு ஒருமுறை சுற்றினால் ஒரு சென்சாரிலிருந்து 11 பல்ஸ் வரும். இரண்டு சென்சார்களிலும் ஏற்றம், இறக்கம் எல்லாவற்றையும் எண்ணினால் 44. கியர் விகிதம் 30 என்றால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது 1320 எண்ணிக்கை. நமக்கு வேண்டியது நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்று. அப்படியானால் நொடிக்கு 1320 எண்ணிக்கை வரும்.

லூப்பை நொடிக்கு 1000 முறை ஓட்டினால், ஒரு மில்லி செகண்டில் கிடைப்பது சராசரியாக 1.32. அரை எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. சில தடவை 1 வரும், சில தடவை 2 வரும். ஒன்று வந்தால் வேகம் 45 சுற்று என்று நிரல் நினைக்கும், இரண்டு வந்தால் 91 என்று நினைக்கும். மோட்டாரோ சீராக 60-ல் ஓடிக்கொண்டிருக்கிறது. நாடித் துடிப்பை ஒரே ஒரு நொடி பிடித்துப் பார்த்துவிட்டு 60 என்றோ 120 என்றோ சொல்வதற்கு இது சமம். இந்தப் பொய்த் தாவலை நம்பி நிரல் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க, மோட்டார் உறுமும், சூடாகும். வேகப் பிழை மாறும் விகிதத்தைப் பார்க்கும் டி என்ற பகுதியையும் சேர்த்துவிட்டால் உறுமல் இன்னும் மோசம். இந்த மாதிரி வேலைக்கு பி, ஐ இரண்டு பகுதிகளே போதும்.

சரி, நொடிக்கு 20 முறை மட்டும் பார்த்தால்? 50 மில்லி செகண்டில் 66 எண்ணிக்கை கிடைக்கும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் ஒரு சுற்றைத் தாண்டாது. அளவு துல்லியமானது, ஆனால் பழையது. சக்கரம் தடங்கலில் மாட்டிய செய்தி வந்து சேருவதற்குள் வேகம் விழுந்துவிடும். தாமதமாக வந்த செய்திக்கு நிரல் பலமாகப் பதில் சொல்ல, வேகம் இலக்கைத் தாண்டும், திரும்பக் கீழே போகும், ஊசலாடும்.

ஆக, மேல் எல்லையை என்கோடர் வைக்கிறது, கீழ் எல்லையை மோட்டார் வைக்கிறது. மோட்டாரின் எல்லையை வீட்டிலேயே அளக்கலாம். நின்றிருக்கும் மோட்டாருக்கு, சக்கரத்தோடும் சுமையோடும், பாதி மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுங்கள். 5 மில்லி செகண்டுக்கு ஒருமுறை மொத்த எண்ணிக்கையை நினைவகத்தில் பதிந்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகு வெளியே எடுத்துப் பாருங்கள். இறுதி வேகத்தில் 63 சதவீதத்தை எட்ட ஆன நேரம்தான் மோட்டாரின் கால மாறிலி. அது 80 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். லூப்பின் இடைவெளி அதில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது வசதி. 8 வருகிறது, 10 மில்லி செகண்ட் என்று எடுத்துக்கொண்டால் நொடிக்கு 100 முறை.

இப்போது ஒரு தடவைக்கு 13 அல்லது 14 எண்ணிக்கை வரும். வேகம் 59.1 அல்லது 63.6 என்று தெரியும். இந்த நாலரைச் சுற்றுத் தாவல் பயமுறுத்தும் விஷயமில்லை. இந்தத் தடவை எண்ணப்படாமல் மிஞ்சிய பின்னம் அடுத்த தடவையில் சேர்ந்துவிடுகிறது. பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் ஐ பகுதி சராசரியைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும். ஆர்டுயினோ ஊனோ பலகைக்கு இப்படி எழுதலாம்:

```
const unsigned long T = 10000;
if (micros() - last >= T) {
  last += T;
  noInterrupts();
  long n = count; count = 0;
  interrupts();
  float rpm = n * 60.0 * 100 / 1320;
  float e = target - rpm;
  float u = Kp * e + I;
  if (u > 0 && u < 255) I += Ki * e * 0.01;
  analogWrite(9, constrain(u, 0, 255));
}
```

இதில் `0.01` என்ற எண்ணைக் கவனியுங்கள். அது லூப்பின் இடைவெளி. அதை விட்டுவிட்டு எழுதியவர்கள், பின்னால் லூப்பின் வேகத்தை மாற்றியதும், பாடுபட்டுச் சரிசெய்த Ki மதிப்பு வேலைக்காகவில்லை என்று திகைப்பார்கள். மேலே உள்ள `if` வரி, மோட்டாருக்கு முழு மின்சாரமும் போய்விட்ட பிறகும் ஐ வீங்கிக்கொண்டே போகாமல் தடுக்கிறது. இன்னொன்று: ஊனோவில் 9-ஆம் பின்னின் பி.டபிள்யூ.எம். வேகம் நொடிக்கு 490 சுழற்சி. மோட்டாருக்குப் போகும் மின்சாரமே 2 மில்லி செகண்டுக்கு ஒருமுறைதான் மாறும் என்றால், ஒரு மில்லி செகண்ட் லூப்பால் என்ன பயன்?

எழுதியபடி லூப் ஓடுகிறதா என்று பார்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைத் திரையில் காட்ட `Serial.print` போடுகிறோம். 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்து போகவே ஒரு மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். 20 எழுத்து என்றால் சுமார் 21 மில்லி செகண்ட். அனுப்பக் காத்திருக்கும் எழுத்துகளுக்கான சிறிய இடம் நிரம்பியதும் நிரல் அங்கேயே நின்றுவிடும். 21 மில்லி செகண்டில் வந்த எண்ணிக்கையை 10-ல் வந்ததாகக் கணக்கிட்டு, வேகம் இரட்டிப்பாகிவிட்டது என்று நினைத்து மின்சாரத்தைக் குறைக்கும். விளைவு வேடிக்கையானது: திரையில் 60 என்று அழகாக நிற்கும், சக்கரம் 30-க்குப் பக்கத்தில் ஓடும். கண்டுபிடிக்க ஓசிலாஸ்கோப் வேண்டாம். சக்கரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினால் போதும். 115200 பாட் வைத்து, 20 சுற்றுக்கு ஒருமுறை மட்டும் அச்சிட்டால் தொல்லை தீரும்.

மெதுவான வேகத்தில் இந்தக் கணக்கெல்லாம் தடுமாறும். நிமிடத்துக்கு 6 சுற்று வேண்டுமானால் 10 மில்லி செகண்டில் வருவது மறுபடியும் 1.3 எண்ணிக்கைதான். அப்போது எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு சென்சாரின் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கலாம். ஊனோவின் `micros()` 4 மைக்ரோ செகண்ட் வரை பிரித்துக் காட்டும், அளவு கூர்மையாகவே இருக்கும். ஆனால் அந்த ஏற்றங்கள் 30 மில்லி செகண்டுக்கு ஒன்றாகத்தான் வரும். அதற்கு நடுவே லூப் எத்தனை முறை ஓடினாலும் புதுச் செய்தி எதுவும் கிடைக்காது. மெதுவாக ஓட்டுவதுதான் உங்கள் வேலை என்றால் நிரலோடு மல்லுக்கட்ட வேண்டாம். கியர் விகிதம் 150 உள்ள மோட்டாரை வாங்கினால் அதே 6 சுற்றுக்கு ஐந்து மடங்கு எண்ணிக்கை கிடைக்கும். வாங்கும் முன், உங்களுக்கு வேண்டிய மிகக் குறைந்த வேகத்தில் 10 மில்லி செகண்டுக்கு எத்தனை எண்ணிக்கை வரும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று என்று வந்தால் அந்த மோட்டாரை வாங்காதீர்கள்.