ஒரே காற்றில் எரிந்தாலும் ஏன் ஒரே சூடு இல்லை?

ஒரு கிலோ மீத்தேனை முழுதாக எரித்தால் ஏறக்குறைய 50 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு கிலோ அசிட்டிலீன் தருவது 48 தான். ஆனால் வேண்டிய அளவு காற்று கொடுத்து எரித்தால், மீத்தேன் சுடர் 1950 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்றுவிடுகிறது. அசிட்டிலீன் சுடரோ 2250-ஐத் தாண்டுகிறது. குறைவாகத் தருவது கூடுதலாகச் சுடுவது எப்படி?

எவ்வளவு வெப்பம் பிறந்தது என்பதோடு, அது எவ்வளவு புகைவாயுவைச் சூடாக்க வேண்டியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். எரிவதில் அதற்குப் பங்கில்லை, ஆனால் சூட்டில் பங்கு கேட்கும். ஒரு லிட்டர் மீத்தேனுக்குச் சுமார் 9.5 லிட்டர் காற்று வேண்டும். எரிந்து முடிந்தால் 10.5 லிட்டர் புகைவாயு (எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலையில் அளந்ததாகக் கொள்வோம்). கிடைத்த 36 கிலோஜூலைப் பிரித்தால் லிட்டருக்கு 3.4. அசிட்டிலீனில் 12.4 லிட்டர் புகைவாயுவுக்கு 56 கிலோஜூல், அதாவது லிட்டருக்கு 4.5. சூடு ஏறுவது இதனால்தான்.

அந்தக் கூடுதல் வெப்பம் அசிட்டிலீனின் பிறப்பிலேயே இருக்கிறது. அதன் இரு கார்பன் அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. உருவாகும்போதே ஆற்றலை உள்ளே வாங்கிக்கொண்ட வாயு அது. எரியும்போது வெளிவரும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தப் பழைய சேமிப்பு. அழுத்தம் மிகுந்தால் காற்றே இல்லாமலும் வெடிக்கும் அதன் முரட்டுக் குணமும் அங்கிருந்து வருவதுதான்.

காற்றை இன்னும் தாராளமாகக் கொடுத்தால் சூடு கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. தேவையைப் போல் இரு மடங்கு காற்று விட்டால் மீத்தேன் சுடர் சுமார் 1200 டிகிரிக்கு இறங்கிவிடும். மிஞ்சிய காற்றையும் அதே வெப்பம்தானே காய்ச்ச வேண்டும்?

நைட்ரஜனையே விலக்கிவிட்டுத் தூய ஆக்சிஜனில் எரித்தால்? 1895-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே அசிட்டிலீனைச் சம அளவு ஆக்சிஜனோடு எரித்தபோது, அதுவரை அறிந்த எந்தச் சுடரையும்விடச் சூடான சுடர் கிடைத்தது. அது 3100 டிகிரியை எட்டும். எல்பிஜியில் உள்ள புரொப்பேனோ ஆக்சிஜனிலும் 2800 வாக்கில் நின்றுவிடும். நைட்ரஜன் போனபின்னும் சூடு பல மடங்கு ஏறாததற்குக் காரணம் உண்டு: அந்த வெப்பத்தில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமே மீண்டும் உடையத் தொடங்கி, வெப்பத்தை விழுங்கிவிடுகின்றன.

பட்டறையில் இரும்புத் தகடு வெட்ட எல்பிஜி போதும். அங்கே சுடர் இரும்பைப் பழுக்கவைத்தால் போதும், மீதியை ஆக்சிஜன் பீச்சு பார்த்துக்கொள்ளும். வெல்டிங்கில் இரும்பு உருகி ஓட வேண்டும். அதற்கு டார்ச் முனையில் தெரியும் சின்ன வெண்கூம்பின் நுனிச் சூடு வேண்டும்; எல்பிஜி தன் வெப்பத்தில் பெரும்பகுதியைப் பரந்த வெளிச்சுடரில்தான் தருகிறது.