டியூஷன் சென்டர்: நான்கு மாதத் தொழிலா, பன்னிரண்டு மாதத் தொழிலா?

பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் பலர், வீட்டு மாடியிலோ வாடகை அறையிலோ டியூஷன் தொடங்கலாமா என்று எங்களிடம் யோசனை கேட்கிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் எந்த மாதத்தில் பணம் வரும், எந்த மாதத்தில் வராது என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். பத்தாம் வகுப்புக்கு மட்டும் டியூஷன், கட்டணம் மாதம் 600 ரூபாய். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 8 பேர் வருகிறார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை 15 பேர். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் டிசம்பரில் 30 பேராகி, மார்ச் வரை நீடிக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் யாரும் இல்லை. ஆண்டு வரவு 1,13,400 ரூபாய். வாடகை, கரண்ட், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 5,000 என்றால் ஆண்டுச் செலவு 60,000. மிச்சம் 53,400, அதாவது மாதம் 4,450 ரூபாய்தான். பிப்ரவரியில் கையில் 13,000 நிற்பதைப் பார்த்து அதுவே சம்பளம் என்று நினைப்பவர், மே மாத வாடகைக்குக் கடன் வாங்குவார்.

கடைசி நேரத்தில் கூட்டம் கூடுவதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8, ஆக 16. இவ்விரண்டையும் சில வாரப் பயிற்சியிலேயே ஓரளவு கைவரச் செய்யலாம். ஆனால் வகுத்தலே வராத மாணவனுக்குப் பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலத்தை ஜனவரியில் கற்றுக்கொடுக்க முடியாது. எனவே கடைசி நேரத்தில் வருபவன் தேறினாலும் ஆசிரியருக்குப் பெரிய பெயர் வராது; தேறாவிட்டால் பழி மட்டும் வரும்.

தேர்வை மட்டும் நம்புவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. கொரோனாவால் 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. 2021இல் பத்து, பிளஸ் டூ இரண்டுக்குமே பொதுத்தேர்வு நடக்கவில்லை. 2017-18இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025இல் அரசு கைவிட்டது. ஒரு தேர்வை நம்பி நடக்கும் சென்டரின் வருமானம் ஓர் அறிவிப்பில் போய்விடும்.

இதற்கு வழி, அதே சென்டரில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 12 பிள்ளைகளையாவது நிரந்தரமாகச் சேர்ப்பது. மாதம் 400 ரூபாய், மே தவிர 11 மாதம் என்றால் 52,800 கூடுதலாக வரும். வாடகை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால் மாத மிச்சம் 4,450இலிருந்து 8,850 ஆகிறது. இந்தப் பிள்ளைகள் தேர்வு முடிந்ததும் போய்விடுபவர்களும் அல்லர். பத்தாம் வகுப்பு வரை கூடவே வருவார்கள். வகுத்தலையும் பின்னத்தையும் சரிசெய்ய நேரமும் கிடைக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மாதம் 2,500 ரூபாயைத் தனியே எடுத்துவைத்தால் ஏப்ரல், மே செலவுக்கு ஆகும்.

நம் பகுதிக்கு இன்னொன்றும் பொருந்தும். காலையில் ஜீப்பேறி போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் வீடுகளில், காய் எடுப்புக் காலத்தில் இருக்கும் கையிருப்பு கோடையில் இருப்பதில்லை. மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் பாக்கி விழும். பாக்கி விழுந்தால் கூச்சப்பட்டுப் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். கூலி கிடைக்கும் நாளில் வாரம் 100 என்று வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது. இப்போது நோன்பும் தேர்வுக் காலத்தை ஒட்டியே வருவதால், அந்த மாதம் மாலை வகுப்பை நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே முடிக்கும்படி ஜனவரியிலேயே நேரத்தைத் திட்டமிட வேண்டும்.

பெயர் எப்படி வரும்? முதலிடம் வாங்கியவரின் படத்தை ஃபிளெக்ஸில் போட்டால், அந்த மாணவர் முன்பே நன்றாகப் படித்தவர்தானே என்று ஊர் கேட்கும். அதைவிட, சேர்ந்த முதல் வாரம் ஒரு சிறு தேர்வு வைத்து விடைத்தாளைப் பத்திரப்படுத்துங்கள். மாதம் ஒருமுறை அதே தரத்தில் இன்னொரு தேர்வு வைத்து, இரண்டு தாளையும் தாயின் கையில் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் சிவப்பு மை குறைந்திருப்பது தெரியும். முன்னேற்றம் இல்லாவிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெயர் கிடைத்துவிட்டதா என்பதை அறிய ஓர் அடையாளம் உண்டு. ஜூன் மாதத்தில், யாரும் கேட்காமலேயே பழைய மாணவரின் தம்பியோ தங்கையோ வந்து சேர்கிறார்களா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டிலும் அப்படி ஒருவரும் வராமல், டிசம்பர் கூட்டம் மட்டுமே வருகிறதென்றால், சென்டர் இன்னும் நான்கு மாதத் தொழிலாகவே இருக்கிறது என்று பொருள். பெரிய அறைக்கு மாறுவதையோ, கடன் வாங்கி பெஞ்சு போடுவதையோ அந்த நிலையில் தள்ளிப்போடுவதே நல்லது.