பத்து மில்லிவோல்ட் புறப்பட்டது, எத்தனை போய்ச் சேரும்?

நம் மூளையில் உள்ள நரம்பு செல்லுக்கு ஒரு உடல் உண்டு. பாடப் புத்தகத்தில் அதைச் சைட்டான் என்று படித்திருப்பீர்கள். அந்த உடலிலிருந்து மெல்லிய இழைகள் கிளம்பி, பிரிந்து பிரிந்து நீளும். அவைதான் டென்ட்ரைட்டுகள். மற்ற நரம்பு செல்கள் அனுப்பும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த இழைகளின் மேல்தான் வந்து இறங்குகின்றன. வந்து இறங்கும் இடத்துக்குச் சினாப்ஸ் என்று பெயர்.

சில சினாப்ஸ்கள் செல் உடலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சில வெகு தொலைவில் இருக்கும். எலியின் மூளையில் பிரமிடு வடிவத்தில் ஒரு பெரிய நரம்பு செல் உண்டு. அதன் உடலின் அகலம் ஏறக்குறைய 20 மைக்ரான்; ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் 1 மைக்ரான். ஆனால் அதன் நீண்ட டென்ட்ரைட்டின் நுனி, உடலிலிருந்து ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அதாவது உடலின் அகலத்தைப் போல ஐம்பது மடங்கு தொலைவு! அவ்வளவு தூரத்தில் வந்து இறங்கிய செய்தி, செல் உடலை எட்டும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதலில், செய்தி வந்ததும் என்ன நடக்கிறது? நரம்பு செல் சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். சினாப்ஸில் செய்தி வந்ததும் சவ்வில் உள்ள சிறு வாயில்கள் திறக்கின்றன. சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த இடத்தில் மின்னழுத்தம் சற்றே உயர்கிறது. நம் கணக்குக்கு அந்த உயர்வு 10 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் "அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்பலாமா, வேண்டாமா?" என்ற முடிவு அங்கே எடுக்கப்படுவதில்லை. அது செல் உடலை ஒட்டி, ஆக்சான் தொடங்கும் இடத்தில் எடுக்கப்படுகிறது. அங்கே மின்னழுத்தம் சுமார் 15 மில்லிவோல்ட் உயர்ந்தால்தான் ஆக்சான் துடித்துச் செய்தியை அனுப்பும். ஆகவே சினாப்ஸில் எவ்வளவு உயர்ந்தது என்பது மட்டும் போதாது. அதில் எவ்வளவு செல் உடல்வரை வந்து சேர்ந்தது என்பதும் தெரிய வேண்டும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீளமான ரப்பர் குழாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது பழைய குழாய். நெடுகிலும் பொடி ஓட்டைகள். ஒரு முனையில் பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது. பம்புக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டைகளில் தண்ணீர் சீறி அடிக்கும். தள்ளிப் போகப் போகச் சீற்றம் குறையும். கடைசியில் உள்ள ஓட்டையில் சொட்டு சொட்டாகத்தான் வரும். டென்ட்ரைட்டும் இப்படிப்பட்ட குழாய்தான். உள்ளே உப்பு நீர். சுற்றிலும் சவ்வு. அந்தச் சவ்வில் பொட்டாசியம் போன்ற அயனிகள் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் பொடி வாயில்கள் உண்டு. சினாப்ஸில் உள்ளே நுழைந்த மின்னோட்டத்தில் ஒரு பகுதி இழைக்குள்ளேயே முன்னேறும். இன்னொரு பகுதி வழியெங்கும் சவ்வு வழியாக வெளியே கசிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அழுத்தம் அதிகமுள்ள இடத்தில் கசிவும் அதிகம். அழுத்தம் குறைந்த இடத்தில் கசிவும் குறைவு. அதனால் ஒவ்வொரு அடியிலும் ஒரே அளவு குறைவதில்லை. மீதி இருப்பதில் ஒரே விகிதம்தான் குறைகிறது.

பென்சிலை எடுங்கள். 1 மைக்ரான் பருமனுள்ள ஒரு டென்ட்ரைட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சவ்வு நடுத்தரமாகக் கசிகிறது என்றால், ஒவ்வொரு 0.1 மில்லிமீட்டருக்கும் மின்னழுத்த உயர்வில் 18 சதவீதம் போய்விடும். 82 சதவீதம் மிஞ்சும். 10 மில்லிவோல்ட்டில் தொடங்குகிறோம். 0.1 மில்லிமீட்டர் தாண்டியதும் 8.2. அதில் 82 சதவீதம் 6.7. அடுத்து 5.5. அடுத்து 4.5. 0.5 மில்லிமீட்டர் வந்ததும் 3.7. இப்படியே தொடர்ந்தால் 1 மில்லிமீட்டரில் 1.4, ஒன்றரை மில்லிமீட்டரில் வெறும் 0.5 மில்லிவோல்ட்தான் மிஞ்சும்.

இதில் 0.5 மில்லிமீட்டர் என்ற தூரத்தைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். புறப்பட்ட மின்னழுத்தம் அந்தத் தூரத்தில் 37 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. எந்தத் தூரத்தில் 37 சதவீதம் மிஞ்சுகிறதோ, அந்தத் தூரத்துக்கு நீள மாறிலி என்று பெயர். நம் இழையின் நீள மாறிலி 0.5 மில்லிமீட்டர். நீள மாறிலி பெரிதாக இருந்தால் செய்தி நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும். சிறிதாக இருந்தால் பக்கத்திலேயே தேய்ந்துவிடும்.

நீள மாறிலியை எவை தீர்மானிக்கின்றன? சவ்வு அதிகம் கசிந்தால் அது குறையும். இழைக்குள் மின்னோட்டம் ஓடத் தடை அதிகமானாலும் அது குறையும். பருமன் கூடினால் அது கூடும். ஏன் என்று பார்ப்போம். இழையின் பருமனை 4 மடங்காக்கினால் சவ்வின் சுற்றளவும் 4 மடங்காகும். ஆகவே கசிவு 4 மடங்கு. ஆனால் உள்ளே ஓடும் பாதையின் பரப்பு 4 பெருக்கல் 4, அதாவது 16 மடங்கு! கசிவைவிட வழி அதிகமாகத் திறந்துவிடுகிறது. எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் நீள மாறிலி 2 மடங்காகிறது. 1 மைக்ரான் இழைக்கு 0.5 மில்லிமீட்டர் என்றால், 4 மைக்ரான் இழைக்கு 1 மில்லிமீட்டர். டென்ட்ரைட்டுகள் செல் உடலின் அருகே பருத்தும், நுனியை நோக்கிப் போகப் போக மெலிந்தும் இருக்கும். அதனால் நுனிக் கிளைகளில் புறப்படும் செய்திதான் வேகமாகத் தேய்கிறது.

நம் கணக்கில் இரண்டு விஷயங்களை எளிமையாக்கியிருக்கிறோம். ஒன்று, இழை ஒரே பருமனில் முடிவில்லாமல் நீளுகிறது என்று வைத்துக்கொண்டோம். உண்மையான இழை செல் உடலில் போய் முடிகிறது. அந்தப் பெரிய உடலும் மற்ற கிளைகளும் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்வதால் மின்னழுத்தம் இன்னும் சரியும். இரண்டு, 10 மில்லிவோல்ட் விடாமல் நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் சினாப்ஸின் துடிப்பு சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். சவ்வு மிக மெல்லியது என்பதால் அதன் இரு பக்கமும் மின்னேற்றம் சேர்ந்து நிற்கும். உள்ளே வந்த மின்னேற்றத்தில் ஒரு பகுதி, வழியில் உள்ள சவ்வை நிரப்பவே செலவாகிவிடும். எனவே சட்டென்று எழுந்து அடங்கும் துடிப்பு, நம் கணக்கு சொல்வதைவிட அதிகமாகத் தேய்கிறது.

தேய்வதோடு அதன் உருவமும் மாறுகிறது. செல் உடலுக்குள் நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செருகி அளந்தால் அதைப் பார்க்கலாம். பக்கத்துச் சினாப்ஸிலிருந்து வந்த அலை சட்டென்று உயர்ந்து சீக்கிரம் அடங்கும். தொலைவிலிருந்து வந்த அலை தாமதமாக, மெல்ல எழுந்து, தாழ்வாகப் பரந்து, மெல்ல அடங்கும். அலையின் உருவத்தைப் பார்த்தே அது எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இந்த வழியை 1967-இல் கணக்கிட்டுக் காட்டியவர் வில்ஃப்ரிட் ரால் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

ரால் அதற்கு முன்பே இன்னொரு பெரிய வேலையைச் செய்திருந்தார். 1950-களில் பூனையின் தண்டுவடத்தில், தசைகளை இயக்கும் நரம்பு செல்களை விஞ்ஞானிகள் அளந்துவந்தார்கள். செல் உடலுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, அது எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். மிக எளிதாக வெளியேறியது. "அப்படியானால் சவ்வு நிறையக் கசிகிறது, நீள மாறிலி சிறியது, தொலைவிலுள்ள சினாப்ஸ்களால் பெரிய பயன் இல்லை" என்று பலர் நினைத்தார்கள். அந்த மின்னோட்டத்தில் பெரும்பகுதி செல் உடலின் சவ்வு வழியாகக் கசியவில்லை, டென்ட்ரைட்டுகளுக்குள் ஓடிப் பரவியது என்று 1959-இல் ரால் காட்டினார். அந்தப் பங்கைக் கழித்துப் பார்த்தால் சவ்வு அவ்வளவாகக் கசியவில்லை. நீள மாறிலி எல்லாரும் நினைத்ததைவிடப் பெரியது. தொலைவிலிருந்து வரும் செய்தி இளைத்து வந்தாலும் வந்து சேர்கிறது! இதற்கு அவர் பயன்படுத்திய கணக்கு, 1850-களில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போடும் காலத்தில் வில்லியம் தாம்சன் உருவாக்கிய சமன்பாட்டின் வழியில் வந்தது. டென்ட்ரைட்டுகளின் இந்தக் குணங்களை இன்றும் "கேபிள் பண்புகள்" என்று அழைப்பது அதனால்தான்.

இளைப்பை ஈடுகட்ட சில செல்களிடம் வழியும் உண்டு. நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில், எலியின் செல்களை ஜெஃப்ரி மேகியும் எரிக் குக்கும் அளந்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். தொலைவிலுள்ள சினாப்ஸ்கள் தங்கள் இடத்தில் அதிக மின்னோட்டத்தை உள்ளே விட்டன. அதனால் அருகிலிருந்து வந்தாலும் தள்ளியிருந்து வந்தாலும், செல் உடலில் ஒரு சினாப்ஸின் உயர்வு ஏறக்குறைய 0.2 மில்லிவோல்ட்டாகவே இருந்தது. எல்லா நரம்பு செல்களிலும் இப்படி நடப்பதில்லை. முன்பு பார்த்த பெரிய பிரமிடு செல்லின் நுனிக் கிளைகளில் தொடங்கும் ஒற்றைச் செய்தி, செல் உடலை எட்டும்போது ஏறக்குறைய மறைந்தேவிடுகிறது. அங்கே பல சினாப்ஸ்கள் ஒரே நேரத்தில் இயங்கினால், அந்தக் கிளையே தனியாக ஒரு பெரிய துடிப்பை எழுப்பி உதவுகிறது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. 1 மைக்ரான் பருமனுள்ள இழையில் 0.3 மில்லிமீட்டர் தள்ளி ஒரு சினாப்ஸ். 4 மைக்ரான் பருமனுள்ள இழையில் 0.6 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு சினாப்ஸ். இரண்டிலும் 10 மில்லிவோல்ட் புறப்படுகிறது. எது அதிகமாக வந்து சேரும்? அருகில் இருப்பதுதான் என்று தோன்றும். முதல் இழையில் மூன்று அடி: 8.2, 6.7, 5.5. இரண்டாவது இழையின் நீள மாறிலி 2 மடங்கு என்பதால் அதில் ஒரு அடி என்பது 0.2 மில்லிமீட்டர். 0.6 மில்லிமீட்டருக்கும் மூன்றே அடிதான், அங்கும் 5.5! இருமடங்கு தள்ளியிருந்தும் சமமாக வந்து சேர்கிறது. ஆகவே ஒரு சினாப்ஸ் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், நரம்பு செல்லைப் பொறுத்தவரை மில்லிமீட்டரில் சொல்லும் பதில் பாதிப் பதில்தான். எத்தனை நீள மாறிலி தூரம் என்று சொன்னால்தான் பதில் முழுமையாகும்.