ஓரத்தில் வரைந்த குடும்பம்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், மாதிரித் தேர்வில் தவறவிட்ட கேள்வியைக் கைப்பேசியில் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. அச்சிட்ட கேள்வியும், ஓரத்தில் பென்சிலால் போட்ட குடும்ப மரமோ நடந்த பாதையோ அதில் சேர்ந்தே இருக்கும். தர்க்க அறிவுப் பாடம் நடத்துகிறவர் முதலில் பார்ப்பது அந்தப் பென்சில் படத்தைத்தான். தவறு பெரும்பாலும் விடையில் பிறப்பதில்லை, கோடு போடும்போதே நுழைந்துவிடுகிறது.

ஒரு கேள்வி: ராமன், லதாவின் சகோதரன். லதா, ஜோதியின் தாய். ஜோதியின் தந்தை சேகர். சேகரின் தாய் மீனாட்சி. மீனாட்சிக்கு ஜோதி என்ன உறவு? பேரன், பேத்தி, மருமகள், கண்டறிய இயலாது என்று நான்கு விடைகள்.

படத்தில் ஒரு தலைமுறைக்கு ஒரு வரி. மேல் வரியில் மீனாட்சி. நடு வரியில் சேகர், அவருக்குப் பக்கத்தில் இரட்டைக் கோட்டால் இணைந்த லதா, லதாவோடு ஒற்றைக் கோட்டால் இணைந்த ராமன். இரட்டைக் கோடு கணவன் மனைவிக்கு, ஒற்றைக் கோடு உடன்பிறந்தவர்களுக்கு. கீழ் வரியில் ஜோதி. ஆணுக்கு + குறியும் பெண்ணுக்கு − குறியும் போடச் சொல்லித் தருவார்கள்.

இந்தக் கணக்கைத் தவறவிட்டவரின் படத்தில் ஜோதி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு − குறி இருக்கும். விடை பேத்தி. கேள்வியில் ஜோதி பெண் என்று எங்கே இருக்கிறது? மகள் என்றோ சகோதரி என்றோ எவரும் சொல்லவில்லை. தெரிந்த யாரோ ஒரு ஜோதியின் முகம் அந்தக் குறியைப் போட்டிருக்கிறது. சரியான விடை, கண்டறிய இயலாது. லதாவுக்குப் போட்ட − குறியோ நியாயமானது. தாய் என்ற சொல் அதற்குச் சாட்சி. படத்திலுள்ள ஒவ்வொரு குறியையும் தொட்டு, கேள்வியில் இதற்கு எந்தச் சொல் ஆதாரம் என்று கேட்டுக்கொண்டால் போதும், பொய்க்குறி தானே வெளியே வந்துவிடும்.

+, − குறிகளில் எனக்கு இன்னொரு குறையும் தெரிகிறது. பெண்ணுக்கான − குறியும் உடன்பிறப்புக் கோடும் அவசரக் கையெழுத்தில், அதுவும் மங்கலான புகைப்படத்தில், ஒன்றுபோலவே தெரியும். மரபணு மருத்துவர்கள் குடும்ப வரைபடத்தில் ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் போடுகிறார்கள். பாலினம் தெரியாதவருக்குச் சாய்சதுரம். தேர்வு எழுதுகிறவருக்கும் இதுவே நல்லது என்பேன். தெரியாததைத் தெரியாது என்று குறிக்க ஒரு வடிவம் கையில் இருந்தால், ஊகிக்கும் ஆசை குறையும்.

ராமன் ஜோதிக்குத் தாய்மாமன். தாய்மாமனை மணக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அங்கே ஒரே மனிதர் இரண்டு உறவில் நிற்பார். தேர்வில் அப்படி இல்லை. கேள்வி சொல்லாத திருமணம் அங்கே நடக்காது.

திசைக் கேள்விக்கு வருவோம். ஒருவர் வடக்கே 10 மீட்டர் நடக்கிறார். வலப்புறம் திரும்பி 8 மீட்டர், மீண்டும் வலப்புறம் திரும்பி 4 மீட்டர் போகிறார். புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் நிற்கிறார்?

வடக்கு நோக்கி நிற்பவருக்கு வலப்புறம் கிழக்கு. கிழக்கு நோக்கி நடப்பவருக்கு வலப்புறம் தெற்கு. பலர் சறுக்கும் இடம் இந்த இரண்டாவது திருப்பம்தான். நடப்பவரின் வலதை விட்டுவிட்டுத் தாளின் வலப்பக்கத்துக்கே மறுபடி கோடு இழுத்துவிடுகிறார்கள். 8-உம் 4-உம் சேர்ந்து கிழக்கே 12 மீட்டர் ஆகிவிடும். தூரம் 244-இன் வர்க்கமூலம் என்று வந்து நிற்கும். கொடுத்த விடைகளில் அது இருக்காது. அப்போது கணக்கைத் திரும்பப் போடாமல், ஒவ்வொரு திருப்பத்திலும் தாளையே சுழற்றி, நடப்பவரின் முகம் மேல்நோக்கி இருக்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும்.

சரியாக வரைந்தால் வடக்கே 10-இலிருந்து 4 போக 6, கிழக்கே 8. 36-உம் 64-உம் சேர்ந்து 100. அதன் வர்க்கமூலம் 10. ஆகவே 10 மீட்டர் தூரத்தில், வடகிழக்கே நிற்கிறார்.

திசையையும் இந்தக் கழித்தலிலிருந்துதான் எடுக்க வேண்டும், படத்தின் தோற்றத்திலிருந்து அல்ல. ஓரத்தில் இடம் இல்லாமல் 10 மீட்டர் கோட்டைக் குட்டையாகவும் 4 மீட்டர் கோட்டை நீளமாகவும் போட்டவருக்கு, முடிவுப் புள்ளி புறப்பட்ட இடத்துக்கும் கீழே இறங்கி, தென்கிழக்கு போலத் தெரியும். கோட்டின் மேல் 10, 8, 4 என்று எழுதியிருந்தால் படம் கோணலாக இருந்தாலும் கவலையில்லை.

புகைப்படம் பக்கவாட்டில் திரும்பி வந்தால் வடக்கே போன கோடு கிழக்கே போனதாகத் தெரியும். வடக்கைக் காட்டும் ஓர் அம்பு, புறப்பட்ட இடத்தில் ஒரு புள்ளி, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அம்புத்தலை ஆகிய மூன்றும் இருந்தால் எப்படித் திருப்பினாலும் பாதையைப் படித்துவிடலாம். புள்ளி இல்லையென்றால் எது தொடக்கம், எது முடிவு என்பதே குழம்பிவிடும். கேள்வியும் சில சமயம் தலைகீழாக வரும்: இப்போது நிற்கும் இடத்திலிருந்து, புறப்பட்ட இடம் எந்தத் திசையில்? தூரம் அதே 10 மீட்டர்தான். ஆனால் விடை தென்மேற்கு.