செப்டம்பர் முதல் மார்ச் வரை ஒரு இயற்பியல் டீச்சர்

தனியார் பள்ளிகளில் 'லீவ் வேகன்சி' என்று ஒரு வேலை உண்டு. பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போவார். அவர் திரும்பி வரும்வரை அந்த வகுப்புகளை எடுக்க ஒருவர் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் துணை முதல்வராக இருந்தபோது, இந்த வேலைக்கு வந்த விண்ணப்பங்களைப் படிப்பது என் பொறுப்பு. கேட்பது ஆறு மாத ஆள் என்று தெரிந்தே விண்ணப்பிப்பார்கள். ஆனால் பத்தில் எட்டுக் கடிதங்கள் நிரந்தர வேலைக்கு எழுதியது போலவே இருக்கும். "தங்கள் பள்ளியில் நீண்ட காலம் பணியாற்ற விரும்புகிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தால், வேலை என்னவென்று அவர் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்த இடத்தில் பள்ளிக்கு என்ன பயம் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வருடம் அப்படித்தான் நீண்ட காலம் இருப்பேன் என்று சொன்ன ஒருவரை எடுத்தோம். நவம்பர் கடைசியில் வேறு இடத்தில் நிரந்தர வேலை கிடைத்ததும் அவர் போய்விட்டார். அரையாண்டுத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அந்த வருடத்தில் மூன்றாவது ஆசிரியரைத் தேட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நான் விண்ணப்பங்களில் தேடியது ஒன்றைத்தான்: இவர் எந்தத் தேதிவரை நிச்சயமாக இருப்பார்?

தேதிக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சட்டப்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அதில் அதிகபட்சம் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். எங்கள் இயற்பியல் ஆசிரியைக்கு டாக்டர் சொன்ன நாள் அக்டோபர் 20. அவர் செப்டம்பர் 1 முதல் விடுப்பு கேட்டார். 26 வாரம் என்றால் 182 நாள். எண்ணிப் பார்த்தால் மார்ச் 1-ஆம் தேதியோடு முடிகிறது. ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும், எழுத்துத் தேர்வு மார்ச்சில். ஆக, வருகிற ஆள் வெறுமனே வகுப்பைப் பார்த்துக்கொள்ள வருபவர் அல்ல. பாடத்தை முடித்து, திருப்புதல் தேர்வு வைத்துத் திருத்தி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டு, செய்முறைத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டியவர். தொடங்குவது அவர் அல்ல, ஆனால் முடிப்பது அவர்தான்.

அந்த வருடம் ஒரு பெண் விண்ணப்பித்தார். எம்.எஸ்சி., பி.எட். முடித்தவர். அடுத்த ஜூலையில் பிஎச்.டி. சேரத் திட்டமிட்டிருந்தார். அவருடைய முதல் கடிதம் சாதாரணமாகத்தான் இருந்தது. "தற்காலிகப் பணியாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்" என்று ஒரு வரி. இந்த 'இருந்தாலும்' என்ற சொல்தான் கடிதத்தையே கெடுத்தது. வேறு வழியில்லாமல் வருகிறார், வழி கிடைத்தால் போய்விடுவார் என்று அது சொல்லாமல் சொல்கிறது. எங்கள் பள்ளியிலேயே இருந்த அவருடைய உறவுக்கார ஆசிரியை அதைத் திருப்பி எழுதச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளில் வந்த இரண்டாவது கடிதத்தில் இப்படி இருந்தது:

"ஆகஸ்ட் 25 முதல் மார்ச் 31 வரை எனக்கு வேறு படிப்போ பயணமோ இல்லை. ஆராய்ச்சிப் படிப்பில் ஜூலையில்தான் சேர எண்ணியுள்ளேன். ஆகையால் பொதுத்தேர்வு முடியும்வரை இந்த வகுப்பை விட்டுப் போக வேண்டிய தேவை எனக்கு வராது. விடுப்பு தொடங்குமுன் ஒரு வாரம் வந்து, மேடம் எந்தப் பாடம்வரை நடத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் 11 அலகுகளையும் ட்யூஷனில் நடத்தியிருப்பதால், எந்த இடத்திலிருந்தும் தொடங்க முடியும்."

தகுதி மாறவில்லை, ஆளும் மாறவில்லை. குறுகிய காலம் என்பது மட்டும் குறையாக இருந்த இடத்திலிருந்து காரணமாக இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. ஜூலையில் போய்விடுவேன் என்ற உண்மையே மார்ச் வரை போகமாட்டேன் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. கவனித்தால், தேதியை அவர் மார்ச் 1 என்று நிறுத்தாமல் மாதக் கடைசிவரை நீட்டியிருந்தார். பிரசவத் தேதி முன்னே பின்னே ஆகலாம், விடுப்பும் நகரலாம். அந்த ஒரு மாத இடம் எங்களுக்குப் பெரிய நிம்மதி.

நேர்காணலில் தாளாளர் நேரடியாகவே கேட்டார்: "நடுவுல நல்ல வேலை வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"பி.ஜி. டி.ஆர்.பி. எழுதப்போறேன் சார். பரீட்சை அன்னிக்கு ஒரு நாள் லீவு வேணும். ஆனா ரிசல்ட், சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிஞ்சு ஆர்டர் வர்றதுக்குள்ள இந்தப் பசங்க பரீட்சையே முடிஞ்சிரும். வேற எங்கேயும் அப்ளை பண்ணல சார்."

மறைத்திருந்தால் எப்படியும் தெரியவந்திருக்கும். பி.எட். முடித்தவர்கள் டி.ஆர்.பி. எழுதாமல் இருப்பார்களா? கேட்டவருக்கும் அது தெரியும். இதற்கு நேர்மாறான தவறையும் நான் பார்த்திருக்கிறேன். "அந்த மேடம் திரும்பி வராவிட்டால் எனக்கே இடம் கொடுப்பீர்களா" என்று நேர்காணலிலேயே கேட்பது. விடுப்பில் போகிறவருக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு. அவர் இடத்தின் மேல் கண் வைத்த ஒருவரை எந்த நிர்வாகமும் விரும்பாது. அவர் வராமல் போனால் பள்ளியே உங்களைக் கூப்பிடும்.

வேலை கிடைத்தபின் கேட்டு வாங்க வேண்டியவையும் தேதி சம்பந்தப்பட்டவைதான். பணி ஆணையில் 'முதல்', 'வரை' இரண்டும் இருக்க வேண்டும். விடுப்பு நீண்டால் அல்லது குறைந்தால் எத்தனை நாள் முன்பே சொல்வார்கள் என்பதும், காலாண்டு, அரையாண்டு விடுமுறை நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதும் எழுத்தில் வரட்டும். தற்காலிகப் பணி என்பதற்காக பி.எஃப். பிடிக்காமல் விட முடியாது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்தில், மாதச் சம்பளம் 15,000 ரூபாய்க்குள் என்றால் முதல் நாளிலிருந்தே அது உங்களுக்குச் சேர வேண்டியது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பள்ளிகளில் இன்றும் இருக்கிறது. ஆறு மாத வேலைக்கு அதைக் கொடுக்க வேண்டாம். சரிபார்க்கக் காட்டிவிட்டு, நகலைக் கொடுத்தால் போதும்.

அந்தப் பெண் ஆகஸ்ட் 25 அன்று வந்து, ஒரு வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கவனித்தார். மின்காந்தத் தூண்டல் பாதியில் நின்றிருந்தது. செப்டம்பர் முதல் தேதி அந்தப் பாதியிலிருந்தே தொடங்கினார், பிள்ளைகளுக்குத் தடங்கல் தெரியவில்லை. மார்ச்சில் ஆசிரியை திரும்பி வந்தபோது, வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த அலகில் தடுமாறுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி அவர் கையில் கொடுத்தார்.

போகுமுன் என்னிடம் அனுபவச் சான்றிதழ் கேட்டார். கடைசி வாரத்திலேயே கேட்டது நல்லது. நாலு மாதம் கழித்து வந்து கேட்கிறவர்களுக்கு அலுவலகத்தில் யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'மகப்பேறு விடுப்புப் பணியிடத்தில், ஒப்புக்கொண்ட காலம் முழுவதும்.' அந்த வரி இல்லாவிட்டால், ஏழு மாதத்தில் ஏன் வேலையை விட்டீர்கள் என்று அடுத்த இடத்தில் கேட்பார்கள். நானே டைப் செய்து, சீல் வைத்துக் கொடுத்தேன்.