ஒரு ரூபாய் எடை

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் மாலை சுருக்குப்பை ஒன்றோடு வந்தார். அவருடைய அம்மாச்சி விட்டுப்போன வெள்ளி ரூபாய்கள், மொத்தம் ஐந்து. நகைக்கடையில் போட்டால் என்ன கிடைக்கும், அதற்கு முன் இவை எந்த வகைக் காசு என்று தெரிய வேண்டும் என்றார். மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தால் ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வட்டம், வெண்மை, ஒரு பக்கம் தலை. ஆனால் ஐந்தும் ஒரே இனம் அல்ல.

கிழக்கிந்தியக் கம்பெனி 1835-இல் தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை வகுத்தது. எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. குறுக்களவு 30 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இந்த எடை எங்கும் மாறாமல் இருந்ததால்தான் நாட்டு மருந்துக் கடைகளில் சரக்கை ‘ஒரு ரூபாய் எடை’ என்று நிறுத்துக் கொடுத்தார்கள். காசே படிக்கல்லாக இருந்தது.

முதலில் தலையைப் பார்க்க வேண்டும். கிரீடமில்லாத இளம் விக்டோரியா, பின்பக்கம் கம்பெனியின் பெயர் என்றால் அது 1840 என்று ஆண்டு போட்ட காசு. கிரீடம் வைத்த ராணி, பின்பக்கம் ‘இந்தியா’ என்றால் 1862-க்குப் பிந்தியது. ‘குயின்’ என்ற பட்டம் ‘எம்ப்ரஸ்’ ஆனது 1877-இல். பிறகு ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று வரிசை போகும்.

ஆண்டை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1835, 1840, 1862 ஆகிய மூன்றும் உறைந்த ஆண்டுகள். அச்சு மாறாததால், 1862 என்று பொறித்த ரூபாயை 1874 வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். அக்காவின் பையில் 1862 காசு ஒன்று இருந்தது. ‘நூற்றறுபது வருஷத்துக் காசு, லட்சக்கணக்கில் போகும்’ என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்களாம். பன்னிரண்டு ஆண்டு அடித்த காசு அத்தனை அரிதாக இருக்க முடியாது.

தலையும் ஆண்டும் பார்த்த பிறகு காந்தம். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம் போதும். ஆறாம் ஜார்ஜின் 1947 ரூபாய் உடனே ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் புலி நடந்துபோகும் அந்தக் காசு முழுக்க நிக்கல், அதில் வெள்ளி துளியும் இல்லை. மற்ற நான்கும் ஒட்டவில்லை. அதை வைத்து அவை வெள்ளி என்று சொல்லிவிட முடியாது. பித்தளையும் செம்பும்கூடக் காந்தத்தில் ஒட்டா.

பலர் ஏமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்க ஆரம்பித்தார்கள். சர்க்கார் 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. ஐம்பது சதவீதம் வெள்ளி, நாற்பது சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். எடையை 11.66 கிராமிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆகவே தராசு மட்டும் இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டாது. விளிம்பு காட்டும். 1939 வரையிலான காசின் விளிம்பில் சாதாரணக் கோடுகள் மட்டும் இருக்கும். 1940-க்குப் பிறகு வந்ததில் அந்தக் கோடுகளின் நடுவே காசைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். கள்ளக் காசு செய்பவனுக்குக் கடினமாக இருக்கட்டும் என்றே போட்ட பள்ளம் அது.

விளிம்பு தேய்ந்திருந்தால் என்ன செய்வது? தண்ணீரைக் கேட்கலாம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வேண்டும். காசை முதலில் அப்படியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது. நூலைக் கையில் பிடித்திருந்தாலும் தராசு ஒரு எண் காட்டும். காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைக்கும். பழைய நல்ல வெள்ளி ரூபாய்க்கு 10.3 பக்கம் வரும். பாதி வெள்ளிக்கு 9.5 பக்கம். பித்தளைக்கு எட்டரை.

அக்காவின் 1862 காசு 11.41 கிராம் இருந்தது. கை மாறி மாறித் தேய்ந்ததால் கால் கிராம் குறைவு. தண்ணீரில் 1.10 காட்டியது. வகுத்தால் 10.37, நல்ல வெள்ளி. தேய்மானம் எடையைத்தான் குறைக்கும், அடர்த்தியைத் தொடாது. இந்த முறையின் பலமே அதுதான். 1890 எம்ப்ரஸ் காசும் அப்படியே தேறியது. 1944 காசு 11.60 கிராம், தண்ணீரில் 1.22. வகுத்தால் 9.51, பாதி வெள்ளி. ஐந்தாவது 1919, ஐந்தாம் ஜார்ஜ். பார்வைக்கு எல்லாவற்றையும்விட அதுவே பளபளப்பு. எடை 9.80 கிராம்தான் வந்தது. தண்ணீரில் 1.15, வகுத்தால் 8.52. வெள்ளி முலாம் பூசிய பித்தளை. அக்காவின் முகம் வாடியது. அது எப்போது, யார் கைவழி அந்தப் பைக்குள் வந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

இரண்டு எச்சரிக்கை. காசில் ஒட்டும் காற்றுக் குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். அதனால் காசை முதலில் நனைத்து, விரலால் தடவிவிட்டு இறக்குங்கள். மாலையில் கோத்திருந்த காசு என்றால், வளையம் பற்றவைத்த இடத்து ஈயமும் கணக்கைக் கெடுக்கும். மேலும் கால் ரூபாய், இரண்டணா போன்ற சின்னக் காசுகளுக்கு இந்தத் தராசு போதாது. கால் ரூபாய் ஒதுக்கும் தண்ணீரே 0.28 கிராம்தான். அதில் 0.01 பிசகினாலும் விடை மாறிவிடும்.

இன்னொரு காசையும் மக்கள் அடிக்கடி கொண்டுவருகிறார்கள். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பக்திக்காகவும் விற்பனைக்காகவும் பிற்காலத்தில் செய்த வில்லைகள் அவை. ‘கம்பெனி காசில் சாமி உருவமா, நடக்குமா’ என்று கேட்டால், நடந்திருக்கிறது. 1800-களின் தொடக்கத்தில் கம்பெனி சென்னைக்காக அடித்த வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் திருமால். மதிப்பைத் தமிழிலும் தெலுங்கிலும் பொறித்தார்கள். ஆனால் அதன் பெயர் வராகன், அணா அல்ல. கம்பெனியின் உண்மையான 1835 அரையணாச் செப்புக் காசில் கம்பெனிச் சின்னம்தான் உண்டு, தெய்வம் இல்லை. உருவமும் பெயரும் ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே இந்த வில்லை பிடிபட்டுவிடும்.

அக்கா வீட்டுக்குப் போகும்போது, ‘திருநீறு போட்டுத் துலக்கிவிடட்டுமா’ என்று கேட்டார். வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல. வேண்டாம் என்று தடுத்தேன். உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். திருநீறு, புளி, பல்பொடி எதையும் காசில் தேய்க்காதீர்கள். நூறு ஆண்டில் படிந்த கருமைதான் காசு சேகரிப்பவர் முதலில் தேடுவது. ஒருமுறை கீறல் விழுந்துவிட்டால் அவர் அதை வெள்ளி விலைக்கு மேல் எடுக்க மாட்டார்.